எட்டுப் பேர் ஹாஸ்டல் அறை ரெண்டர்: அளவு சரி, ஆனால் கல்யாண மண்டபம் மாதிரி தெரிகிறது. எங்கே தப்பு?

மெஷ்மாரி (செவ்வாய், இரவு 9:40)

வணக்கம். கோவையில் ஒருவர் பெண்கள் விடுதி கட்டிக்கொண்டிருக்கிறார். பூச்சு வேலை முடிந்துவிட்டது, கட்டில், லாக்கர் எதுவும் இன்னும் வாங்கவில்லை. அறை எப்படி வரும் என்று இணையதளத்தில் போட ஒரு படம் கேட்டார். பிளெண்டரில் (4.2, சைக்கிள்ஸ்) செய்து கொடுத்தேன். பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்க ரூம் இல்லையே, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்கிறார்.

அறை 18 அடிக்கு 12 அடி, கூரை 10 அடி உயரம். நீளச் சுவர் ஒவ்வொன்றிலும் வரிசையாக இரண்டு பங்க் கட்டில், ஆக மொத்தம் நான்கு கட்டில், எட்டுப் பேர். கதவு ஒரு குட்டைச் சுவரில், ஜன்னல் எதிர்ச்சுவரில், 4 அடிக்கு 4 அடி. கதவுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் நாலு நாலு லாக்கர். சுவர் அளவெல்லாம் பிளானைப் பார்த்துத்தான் போட்டேன், அதில் தப்பு இல்லை. கட்டில் மாடல் இணையத்தில் இறக்கியது. முழு அறையும் தெரிய வேண்டும் என்று கதவுச் சுவரை அழித்துவிட்டு, 16 எம்எம் லென்ஸில் கேமராவை வெளியே வைத்தேன்.

இன்னொரு பிரச்சினை: ஜன்னல் வெளுத்துப் போகிறது, கீழ்க் கட்டில்கள் இருட்டு. அவருக்கு "எல்லா இடமும் ஒரே மாதிரி வெளிச்சமாக" வேண்டுமாம். படம் கீழே இணைத்திருக்கிறேன்.

ரெண்டர்ராஜா (செவ்வாய், இரவு 10:05)

இது யூனிட் பிரச்சினை. இறக்கிய மாடல் சென்டிமீட்டரில் இருக்கும். Scene Properties போய் Unit Scale-ஐ 0.01 ஆக்குங்கள், எல்லாம் சரியாகிவிடும். வெளிச்சத்துக்கு ஜன்னலில் ஒரு ஏரியா லைட் வைத்து Portal டிக் போடுங்கள், அறையே பளிச்சென்று ஆகிவிடும். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுக்கும்.

வார்டன்அக்கா (செவ்வாய், இரவு 10:31)

தம்பி, நான் பதினோரு வருஷமாக விடுதி பார்த்துக்கொள்கிறேன். 18க்கு 12 அறையில் எட்டுப் பேரைப் போட வேண்டாம், ஆறு பேர் போடச் சொல்லுங்கள். எட்டுப் பேருக்குத் துணி காயப்போடவே இடம் இருக்காது. எல்லாரும் அந்த ஒரு ஜன்னல் கம்பியில்தான் துண்டைப் போடுவார்கள், அப்புறம் காற்றும் வராது வெளிச்சமும் வராது. ஜன்னல் யாருக்கு என்று சண்டை வேறு. கட்டில் வாங்கும்போது ஏணி தலைமாட்டில் வராமல் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

மெஷ்மாரி (செவ்வாய், இரவு 10:44)

அக்கா, நான் விடுதி நடத்தவில்லை, கம்ப்யூட்டரில் படம் மட்டும் செய்கிறேன். :) ஆனாலும் ஏணி விஷயம் தெரியாது, என் படத்தில் தலைமாட்டில்தான் இருக்கிறது. மாற்றிவிடுகிறேன்.

ராஜா அண்ணா, Unit Scale மாற்றிப் பார்த்தேன். எண்கள் மாறின, படம் அப்படியேதான் இருக்கிறது.

செங்கல்சாந்து (புதன், காலை 6:50)

Unit Scale காட்டுகிற எண்ணை மட்டும்தான் மாற்றும். பொருளுக்குப் பொருள் உள்ள விகிதம் அப்படியே இருக்கும், அதனால் படத்திலும் ஒன்றும் மாறாது. அதைத் திரும்ப 1.0 ஆக்கிவிடுங்கள் மாரி.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் தரையை எண்ணினேன். அகலவாக்கில் 11 டைல் வருகிறது. நம் ஊரில் இப்போது விடுதிக்குப் போடுவது பெரும்பாலும் 2 அடி டைல். 12 அடி அகலத்துக்கு 6 டைல்தான் வர வேண்டும். உங்கள் டைல் ஒவ்வொன்றும் 13 அங்குலம் சொச்சம். பார்ப்பவர் அளவுகோல் வைத்துப் பார்க்க மாட்டார், ஆனால் அவர் கண் டைலைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். 11 டைலைப் பார்த்ததும் 22 அடி அகலம் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். உங்கள் மண்டபத்தில் பாதி அங்கேயே வந்துவிட்டது.

அடுத்தது கட்டில். கீழே உள்ளதை Text Editor-ல் போட்டு, கட்டில், லாக்கர், மெத்தை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். வருவதை இங்கே ஒட்டுங்கள்.

```python
import bpy
for o in bpy.context.selected_objects:
    print(o.name,
          [round(d, 3) for d in o.dimensions],
          [round(s, 3) for s in o.scale])
```

கதவுச் சுவரை அழித்ததைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் சாயந்திரம் எழுதுகிறேன். இப்போது சைட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

மெஷ்மாரி (புதன், காலை 9:15)

நன்றி சார். ஓட்டினேன். அசிங்கமாக இருக்கிறது:

```
Bunk      [2.381, 1.02, 1.64]   [1.25, 1.12, 0.9]
Mattress  [2.3, 0.96, 0.19]     [1.25, 1.12, 0.9]
Locker    [0.52, 0.5, 2.2]      [1.0, 1.0, 1.15]
```

சுவரை நிரப்புவதற்காகக் கட்டிலைக் கண்ணால் பார்த்து இழுத்தேன், ஞாபகம் வருகிறது.

செங்கல்சாந்து (புதன், மாலை 7:20)

அதுதான். கட்டில் 2.38 மீட்டர், கிட்டத்தட்ட 7 அடி 10 அங்குலம். கடையில் வரும் இரும்பு பங்க் கட்டில் 6 அடி 3 அங்குலத்துக்கு 3 அடி. நீளத்தை இழுத்தீர்கள், உயரத்தை அமுக்கிவிட்டீர்கள். நீளமான, குட்டையான கட்டில் நிற்கும் அறை தானாகவே பெரிதாகத் தெரியும். மெத்தை 19 செ.மீ., அது ஹோட்டல் மெத்தை. விடுதியில் 4 அங்குலம்தான், 10 செ.மீ.

இழுத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டாம். Alt+S அடித்து ஸ்கேலை 1 ஆக்குங்கள், நீளம் தானாகவே 1.905க்கு வந்துவிடும், அப்புறம் Ctrl+A போட்டு Scale-ஐ நிலைப்படுத்துங்கள். அதன் பிறகும் அகலம், உயரம் சரியாக வரவில்லை என்றால், எடிட் மோடில் குழாயின் முனைகளை மட்டும் நகர்த்துங்கள். மொத்தமாக இழுத்தால் வட்டக் குழாய் முட்டை வடிவமாகிவிடும். உங்கள் படத்தில் ஏணிக் கம்பியைக் கிட்டத்தில் பாருங்கள், படுக்கைக் கம்பி ஒரு பருமன், நிற்கும் கம்பி இன்னொரு பருமன். கூர்ந்து பார்க்காதவருக்கும் ஏதோ பொம்மை மாதிரி இருக்கிறதே என்று தோன்றுவது இதனால்தான்.

உயரத்துக்கு நான் வைக்கும் கணக்கு: கீழ் மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து 45 செ.மீ. அங்கிருந்து மேல் கட்டிலின் அடிவரை 95 செ.மீ., உட்கார்ந்தால் தலை இடிக்காது. சட்டம் 5, மெத்தை 10 என்று சேர்த்தால் மேல் மெத்தை 1.55 மீட்டரில் வரும். உங்கள் படத்தில் அந்த இடைவெளி 72 செ.மீ.தான் இருக்கும் போலத் தெரிகிறது. யாரும் அதில் உட்கார முடியாது, படுத்தபடியே வாழ வேண்டியதுதான்.

இப்போது லென்ஸ். சென்சார் 36 எம்எம் என்று இருக்கும்போது 16 எம்எம் லென்ஸில் 12 அடி அகலம் முழுக்கத் தெரிய, அறை தொடங்கும் இடத்திலிருந்து 1.6 மீட்டர் தள்ளி நின்றால் போதும். அங்கிருந்து ஜன்னல் சுவர் 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக முன்னால் நிற்கும் லாக்கரைவிட ஜன்னல் கிட்டத்தட்ட நாலரை மடங்கு தூரத்தில், அதே மடங்கு சிறிதாகத் தெரியும். 24 எம்எம் போட்டால் 2.4 மீட்டர் தள்ள வேண்டும். அப்போது அந்த விகிதம் மூன்றே கால் ஆகிவிடும். 35 எம்எம் என்றால் 3.6 மீட்டர், விகிதம் இரண்டரை. ஜன்னல் சுருங்கச் சுருங்க அறை நீளும். அளவெல்லாம் சரியாக இருந்தும் அறை நீண்டு தெரிவது இப்படித்தான். நான் 24 எடுப்பேன்.

கேமரா உயரம் 1.3 மீட்டர் வையுங்கள். மேலே கீழே சாய்க்காமல் X சுழற்சி சரியாக 90 டிகிரி இருக்கட்டும். தரை அதிகம் தெரிய வேண்டும் என்றால் கேமராவைச் சாய்க்காமல் Shift Y-யை மாற்றுங்கள். கட்டில் கால்களும் லாக்கர் விளிம்புகளும் செங்குத்தாக நிற்கும். நாலு கட்டிலுக்கு பதினாறு கால், எட்டு லாக்கர், ஒரு ஜன்னல் கம்பி. இவ்வளவு நேர்கோடு உள்ள அறையில் கேமரா ஒரு டிகிரி சாய்ந்தாலும் ஒழுங்கு கெட்டதாகத் தெரியும்.

வெளிச்சம்72 (புதன், இரவு 8:02)

நான் லாட்ஜ், விடுதி அறைகளைக் கேமராவில் எடுக்கிறவன். ஒரு கேள்வி. நிஜத்தில் கதவுச் சுவருக்கு வெளியே 2.4 மீட்டர் தள்ளி யாராலும் நிற்க முடியாது, வராண்டாச் சுவர் இடிக்கும். நான் எடுத்தால் அறைக்குள் முதுகைச் சுவரில் ஒட்டி, 16 எம்எம்தான் போட வேண்டும். சுவரைத் துளைத்து எடுக்கும் படம் எந்த மனிதனும் பார்க்க முடியாத காட்சி. இது மட்டும் நேர்மையா?

செங்கல்சாந்து (புதன், இரவு 8:19)

நியாயமான கேள்வி. என் பதில்: உங்கள் 16 எம்எம் எந்த இடத்திலிருந்து பார்த்தேன் என்பதில் நேர்மையாக இருக்கிறது, என்னுடைய 24 எம்எம் எதற்கு எது எவ்வளவு என்பதில் நேர்மையாக இருக்கிறது. வாடகைக்கு வருகிற பெண் கேட்பது இரண்டாவதைத்தான். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பெட்டியை இழுத்துப் போக முடியுமா என்று.

வெளிச்சம்72 (புதன், இரவு 8:25)

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண் கதவைத் திறந்ததும் படத்தில் பார்த்த காட்சி வராது. சரி, விடுங்கள், வெளிச்சத்துக்கு வாருங்கள். மாரி, உங்கள் படத்தில் ஏணியின் நிழல் ஜன்னலைப் பார்த்து விழுகிறது. கவனித்தீர்களா? ஜன்னல் ஒளி என்றால் நிழல் கேமராப் பக்கம் அல்லவா வர வேண்டும்?

மெஷ்மாரி (புதன், இரவு 8:40)

அய்யோ, ஆமாம்! கவனிக்கவே இல்லை.

செங்கல்சாந்து (புதன், இரவு 9:10)

நல்ல கண் சார். காரணம் அந்த அழித்த சுவர். சுவர் இருந்த இடம் 12க்கு 10 அடி, அது முழுக்க வானம் உள்ளே கொட்டுகிறது. அந்த ஓட்டையின் பரப்பு 120 சதுர அடி, உங்கள் நிஜ ஜன்னல் 16 சதுர அடி. எது ஜெயிக்கும்?

மாரி, சுவரைத் திரும்ப வையுங்கள். வைத்துவிட்டு, அந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்து Object Properties > Visibility > Ray Visibility போய் Camera டிக்கை மட்டும் எடுங்கள். கேமராவுக்குத் தெரியாது, ஒளிக்குத் தெரியும். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி லாக்கர் முகத்தை வெளிச்சமாக்கும். கதவையும் அப்படியே செய்யுங்கள், மறந்தால் ஒரு கதவு மட்டும் அந்தரத்தில் நிற்கும். நான் ஒருமுறை அப்படியே அனுப்பி மானம் போனது.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுவர் வைத்ததும் அறை பயங்கர இருட்டாகி, புள்ளி புள்ளியாக வரும். பயப்படாதீர்கள். நிஜத்தில் அந்த அறை அப்படித்தான் இருக்கும்.

மெஷ்மாரி (வியாழன், காலை 7:30)

இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு! இரவு ஒரு மணிவரை உட்கார்ந்தேன். ராஜா அண்ணா சொன்ன Portal போட்டேன், புள்ளி குறைந்தது, வெளிச்சம் துளிகூடக் கூடவில்லை. World-ல் Strength-ஐ ஏற்றினால் ஜன்னல் வெள்ளைத்தாள் ஆகிறது, கீழ்க் கட்டில் இன்னும் இருட்டுதான்.

ரெண்டர்ராஜா (வியாழன், காலை 8:10)

அப்படியா? எனக்கு வெளிச்சம் கூடியதே... ஒருவேளை நான் Portal டிக் போடாமல் வெறும் ஏரியா லைட்டாகவே வைத்திருந்தேனோ என்னவோ.

செங்கல்சாந்து (வியாழன், மதியம் 1:15)

அதேதான் ராஜா. டிக் போட்டதும் அது லைட்டே இல்லை. வானத்து ஒளியைத் தேட வேண்டிய இடம் இது என்று சைக்கிள்ஸுக்குக் காட்டும் கைகாட்டி, அவ்வளவுதான். அதனால் புள்ளி குறையும். நீங்கள் சொன்னதில் பாதி சரி, வைத்தே தீர வேண்டியதுதான்.

மாரி, ஜன்னலில் கண்ணாடி வைத்திருந்தால் முதலில் அதை ஒளித்துவிடுங்கள். Glass ஷேடர் போட்ட கண்ணாடி வழியாக ஒளி சுலபமாக உள்ளே வராது, திறந்த ஜன்னலாகவே இருக்கட்டும். கம்பி மட்டும் போதும்.

கீழ்க் கட்டிலுக்கு ஒளி எப்படி வருகிறது என்று யோசியுங்கள். ஜன்னலில் நுழைந்தது தரையில் பட வேண்டும், கூரைக்குப் போக வேண்டும், சுவருக்கு வர வேண்டும், மேல் கட்டிலின் அடிப்பலகையில் பட்டு அப்புறம் மெத்தைக்கு. Light Paths-ல் Diffuse 4 என்றுதான் இருக்கும், அதற்கு மேல் பட்டுத் திரும்பும் ஒளி வழியிலேயே செத்துவிடும். அதை 10 ஆக்குங்கள். சுவர் நிறம் என்ன வைத்திருக்கிறீர்கள்? சுத்த வெள்ளை, 1.0 என்றால் அதை 0.8க்கு இறக்குங்கள். நிஜச் சுண்ணாம்போ பெயின்ட்டோ பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் திருப்பித் தரும். 1.0 வைத்தால் மூலையெல்லாம் பால் மாதிரி வெளுத்து, சுவரும் கூரையும் சேரும் கோடே தெரியாமல் போகும்.

அடுத்து டியூப்லைட். பகல் என்றாலும் விடுதியில் லைட் எரியும். 4 அடி எல்இடி டியூப் இரண்டு, எதிரெதிர் நீளச் சுவர்களில் 8 அடி உயரத்தில். 20 வாட் டியூப் என்று பெட்டியில் போட்டிருக்கும், அதை அப்படியே பிளெண்டரில் 20 என்று போட வேண்டாம். அங்கே வாட் என்பது வெளிவரும் ஒளியின் கணக்கு, மின்சாரக் கணக்கு அல்ல. 2000 லூமன் டியூப்புக்கு ஒரு சில வாட்தான் வரும். அப்புறம் Color Management-ல் Exposure-ஐ ஏற்றுங்கள். லைட்டைத் தனித்தனியாக ஏற்றினால் ஜன்னலுக்கும் டியூப்புக்கும் உள்ள சமன் கெட்டுவிடும்.

வார்டன்அக்கா (வியாழன், மதியம் 2:05)

டியூப்லைட் சுவரில் 8 அடியில் வைத்தால் மேல் கட்டிலில் படுப்பவர் கண்ணில் அடிக்கும், கீழ்க் கட்டிலில் படிப்பவருக்கு நிழல் அடிக்கும். எங்கள் விடுதியில் இதே கதைதான். அதனால் எல்லாரும் கட்டில் கம்பியில் குட்டி லைட் மாட்டிக்கொள்கிறார்கள்.

செங்கல்சாந்து (வியாழன், மதியம் 2:30)

அக்கா சொல்வது சரி, அதை மாற்றுகிறேன். இரண்டு டியூப்பையும் கூரையிலேயே, நடைபாதையின் நடுக்கோட்டில், நீளவாக்கில் வைத்துவிடலாம். அங்கிருந்து ஒளி சாய்வாக இரண்டு பக்கக் கீழ்க் கட்டில்களுக்குள்ளும் நுழையும்.

மாரி, சமமான வெளிச்சம் என்று அவர் கேட்கிறார் என்பதற்காகக் கீழ்க் கட்டிலின் நிழலை முழுக்கத் துடைத்துவிட வேண்டாம். கட்டில் கால் தரையைத் தொடும் இடத்திலும், பெட்டி வைக்கும் அடியிலும் இருட்டு இருக்க வேண்டும். அது போனால் கட்டில் மிதக்கும். View Transform-ஐ False Color ஆக்கிப் பாருங்கள். மேல் மெத்தையும் கீழ் மெத்தையும் பச்சை, சாம்பல் பக்கம் வந்தால் போதும், இரண்டுக்கும் நடுவே இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் நீலம் இருக்கட்டும். பார்த்துவிட்டுத் திரும்ப AgX-க்கு மாற்ற மறக்காதீர்கள்.

மெஷ்மாரி (வியாழன், இரவு 11:20)

எல்லாம் செய்தேன். புதுப் படம் இணைத்திருக்கிறேன். 6 டைல், 24 எம்எம், சுவர் திரும்ப வந்துவிட்டது. ஏணி நிழல் இப்போது என் பக்கம் விழுகிறது. என் அம்மாவிடம் காட்டினேன், "இவ்வளவு நெருக்கமா இருக்கே" என்றார். அறை சரியாக வந்துவிட்டது என்று நினைக்கிறேன்!

ஆனால் ஃபேன் வைத்ததும் ஒன்று கண்ணில் பட்டது. அறையின் நடுவில் ஒரே ஒரு கொக்கி, கூரை போடும்போதே வைத்துவிட்டார்கள். சாதாரண 1200 எம்எம் ஃபேன் போட்டேன். மேல் கட்டிலுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. என் அளவு தப்பா?

செங்கல்சாந்து (வெள்ளி, காலை 6:40)

உங்கள் அளவு சரி. அறைதான் தப்பு.

கணக்கைப் பாருங்கள். 12 அடியில் இரண்டு பக்கமும் 3 அடிக் கட்டில் போக நடைபாதை 6 அடி, 1.83 மீட்டர். அதில் 1.2 மீட்டர் ஃபேன். இறக்கையின் நுனியிலிருந்து கட்டில் விளிம்புக்கு 31 செ.மீ., ஒரு அடிதான். உயரம்? தண்டு ஒரு அடி என்றால் இறக்கை தரையிலிருந்து சுமார் 2.65 மீட்டரில் சுற்றும். மேல் மெத்தை 1.55, உட்கார்ந்தவர் தலை 2.40. எழுந்து உட்கார்ந்து போர்வையை உதறினால், கையை நீட்டிச் சோம்பல் முறித்தால், இறக்கை. கொக்கி அறையின் நடுவில், ஜன்னலிலிருந்து 9 அடியில் இருக்கிறது. கட்டில் வரிசை ஜன்னலிலிருந்து 12 அடி 6 அங்குலம் வரை போகிறது. அதாவது கொக்கி இரண்டாவது கட்டிலுக்குக் கிட்டத்தட்ட நடுவே. என் படமாக இருந்தால் இதை உரிமையாளரிடம் உடனே காட்டுவேன்.

ரெண்டர்ராஜா (வெள்ளி, காலை 9:00)

900 எம்எம் சின்ன ஃபேன் போட்டால்?

செங்கல்சாந்து (வெள்ளி, காலை 9:22)

இடைவெளி 46 செ.மீ. ஆகும். கை நீளம் அதைவிட அதிகம் ராஜா. கொக்கியை லாக்கர் பக்கம் நகர்த்தினால் ஆபத்து இல்லை, ஆனால் ஜன்னலோரத்தில் படுப்பவருக்குக் காற்று வராது. சுவர் ஃபேன் நாலு போடலாம், செலவு கூடும், மேல் கீழ் இருவருக்கும் ஒன்று என்றால் காற்று யாருக்கு என்று அக்காதான் சொல்ல வேண்டும்.

வார்டன்அக்கா (வெள்ளி, காலை 10:10)

மேலே படுப்பவருக்குத்தான். கீழே படுப்பவர் போர்வையை மூடிக்கொண்டு சண்டை போடுவார். அதனால்தான் முதலிலேயே சொன்னேன், ஆறு பேர் போடச் சொல்லுங்கள்.

வெளிச்சம்72 (வெள்ளி, மதியம் 12:45)

புதுப் படம் நன்றாக வந்திருக்கிறது. எட்டு லாக்கரிலும் பூட்டு ஒரே கோணத்தில் தொங்குகிறது, ஒன்றிரண்டைத் திருப்பி விடுங்கள். லென்ஸ் விஷயத்தில் இன்னும் எனக்குச் சமாதானம் இல்லை, கதவிலிருந்து 16 எம்எம்மில் ஒரு படமும் சேர்த்துக் கொடுக்கலாம்.

மெஷ்மாரி (சனி, இரவு 8:50)

பூட்டைத் திருப்பிவிட்டேன் சார். கதவிலிருந்தும் ஒன்று எடுத்துச் சேர்த்தேன், இரண்டையும் அனுப்பினேன்.

உரிமையாளர் ஃபேன் கணக்கைப் பார்த்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். சுவர் ஃபேனா, கொக்கியை நகர்த்துவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அதுவரை "படத்தில் ஃபேன் வேண்டாம், எடுத்துவிடு தம்பி" என்கிறார். எடுத்தால் கூரையில் கொக்கி மட்டும் தனியாகத் தொங்குகிறது. அதையும் எடுப்பதா, விடுவதா?

செங்கல்சாந்து (சனி, இரவு 9:15)

கொக்கி இருக்கட்டும்.